தேனி மொட்டை மாடிகளில் சோலார் பேனல் இடைவெளி: தென்நிழலை முன்வைத்து ஒரு கணக்கு

மொட்டை மாடியில் பேனல் வரிசைகளுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது என்பதை டிசம்பர் 21 நிழலைக் கொண்டே முடிவு செய்கிறோம். தேனிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இந்த வழக்கம் பாதிக் கணக்குத்தான் என்பது என் வாதம்.

தேனியின் அட்சரேகை ஏறத்தாழ 10 பாகை வடக்கு. 2.28 மீட்டர் நீளப் பேனலை நெடுக்காக, தெற்கு நோக்கி 10 பாகைச் சாய்வில் வைத்தால் அதன் பின் விளிம்பு முன் விளிம்பைவிட 40 செ.மீ. உயரும். டிசம்பர் 21 அன்று சூரிய நேரம் காலை 9 மணிக்குச் சூரியன் அடிவானிலிருந்து 34.7 பாகை உயரத்தில், தெற்கிலிருந்து 52 பாகை கிழக்கே விலகி நிற்கும். (தேனியின் கடிகாரத்தில் அப்போது மணி 9.18.) அந்த 40 செ.மீ. உயரத்தின் நிழல் 57 செ.மீ. நீளும். ஆனால் அது வடமேற்காகச் சாய்ந்து விழுவதால், பின் வரிசையை நோக்கிச் செல்லும் பகுதியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்:

```
d = h × cos A / tan α
```

h உயரம், α சூரியனின் ஏற்றக் கோணம், A வரிசை நோக்கும் திசையிலிருந்து சூரியன் விலகிய கோணம். விடை 35 செ.மீ. எட்டு மணிக்குப் பார்த்தாலும் 49 செ.மீ.தான். பேனலைக் கழுவ ஆள் நடக்கவே 60 செ.மீ. தேவை, அந்த வழியிலேயே நிழல் அடங்கிவிடும். அதற்கும் முந்தைய வெயிலுக்காக இடம் ஒதுக்குவது பள்ளத்தாக்கில் வீண். 6 கி.மீ. கிழக்கே 1,000 மீட்டர் உயர்ந்த மலைமுகடு இருந்தால், அன்று ஏழு மணி வரை சூரியன் அதன் பின்னால்தான் இருக்கும்.

வீடு திசை திரும்பியிருந்தால் கணக்கு மாறும். வரிசை தெற்கிலிருந்து 30 பாகை கிழக்கே திரும்பினால் ஒன்பது மணி நிழல் 53 செ.மீ., எட்டு மணி நிழல் 83 செ.மீ. அங்கே நடைவழி மட்டும் போதாது.

வழக்கமான கணக்கு காணாத பாதி, மாடியின் வடபுறத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை தேனியில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே செல்கிறது. நிழல் தெற்கே விழுகிறது. பேனலுக்கு வடக்கே 3 மீட்டர் உயர மாடிப்படிக் கூண்டு இருந்தால், ஜூன் 21 நண்பகலில் அதன் நிழல் தெற்கே 72 செ.மீ. வரும். ஒன்பது மணிக்குத் தெற்கே 1.2 மீட்டரும் மேற்கே 2.75 மீட்டரும் பரவும். மாலை மூன்று மணிக்கு அதே அளவு கிழக்கே. டெல்லியில் ஆண்டின் எந்த நண்பகலிலும் நிழல் தெற்கே விழாது. அங்கே பொருந்தும் ‘வடபுறத் தடை பாதிக்காது’ என்ற விதி இங்கே பொருந்தாது.

இழப்பு நிழலின் பரப்போடு நிற்பதில்லை. பழைய வகைப் பேனலை நெடுக்காக வைத்து, அதன் குறுகிய விளிம்பிலுள்ள ஒரு வரிசை செல்களை முழுதும் மறைத்தால், மூன்று பைபாஸ் டையோடு பகுதிகளும் ஒருங்கே முடங்கும். அரைச் செல் பேனலில் மற்றப் பாதி பிழைத்துக்கொள்ளும்.

ஆகவே இப்பகுதியில் வரைபடம் போடுபவர் டிசம்பர் 21, ஜூன் 21 இரண்டு நாள்களுக்கும் நிழல் வரைய வேண்டும். கூண்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தெற்கே குறைந்தது அவற்றின் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள்.