‘ஐகன் மதிப்பு’ வந்த வழி

பிரெஞ்சுக் கணிதர் கோஷி 1829இல் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பு மிக நீளமானது. கோள்களின் இயக்கத்தில் நூற்றாண்டுக்கணக்கில் சேர்ந்துவரும் பிறழ்ச்சிகளைத் தீர்மானிக்கும் சமன்பாட்டைப் பற்றியது என்று தலைப்பே சொல்லிவிடும். ஐகன் மதிப்பு காண இன்று கல்லூரி மாணவர் எழுதும் சமன்பாடு அதுதான். அன்று அதற்குப் பெயர் ‘செக்குலர் சமன்பாடு’. லத்தீனில் ‘சேகுலும்’ என்றால் ஊழி, நூற்றாண்டு. நாம் அரசியலில் அறிந்த ‘செக்குலர்’ பிறந்ததும் அதே வேரிலிருந்துதான்.

நூற்றாண்டு ஏன் வந்தது? 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லக்ராஞ்சும் லாப்பிளாசும் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்கள். கோளின் பாதை சற்றே விலகினால் அந்த விலகல் காலப்போக்கில் வளருமா, அடங்குமா, ஊசலாடிக்கொண்டே இருக்குமா? முழுச் சமன்பாடுகளைத் தீர்க்க முடியவில்லை. விலகல் சிறியது என்பதால் அதன் வர்க்கத்தையும் கனத்தையும் தள்ளினார்கள். மிஞ்சிய நேரியல் சமன்பாடுகளுக்கு `e^(λt)` வடிவில் தீர்வு கிடைத்தது. அந்த λ யாது என்று கேட்டால் வருவதே செக்குலர் சமன்பாடு. ஆக, அணி என்ற கருத்துக்குச் சில்வெஸ்டர் ‘மேட்ரிக்ஸ்’ என்று 1850இல் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே, நிலைத்தன்மை பற்றிய கேள்விக்கு விடையாக இந்த எண் பிறந்துவிட்டது. பாடப்புத்தகங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்கின்றன.

வானத்திலிருந்து அதை இயந்திரக் கூடத்துக்கு இறக்கியவர்களில் முக்கியமானவர் மேக்ஸ்வெல். நீராவி எந்திரத்தின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் சிலசமயம் அடங்காமல் ஆடத் தொடங்கும். வேகம் கூடும், குறையும், மறுபடி இன்னும் கூடும். 1868இல் அவர் கவர்னர்களின் சமன்பாடுகளைச் சமநிலைக்கு அருகில் நேரியலாக்கி, ஒரு சிறு கலக்கம் நான்கு விதமாகப் போகலாம் என்றார்: தொடர்ந்து வளரலாம், தொடர்ந்து தேயலாம், வளரும் ஊசலாகலாம், தேயும் ஊசலாகலாம். நிலைத்திருக்க வேண்டுமானால் மூலங்கள் எல்லாவற்றின் மெய்ப்பகுதியும் எதிர்மமாக இருக்க வேண்டும். இதை அவர் சொன்ன மொழி வேறு. மெய் மூலத்தை ‘இயலும் மூலம்’ என்றும், சிக்கலெண் மூலத்தை ‘இயலா மூலம்’ என்றும் அக்கால வழக்கப்படி எழுதினார். இயலா மூலத்தின் இயலும் பகுதி எதிர்மமாக இருந்தால் எந்திரம் ஒழுங்காக ஓடும்! மூன்றாம் படிச் சமன்பாட்டுக்கு அவர் நிபந்தனையைக் கண்டார். எந்தப் படிக்கும் பொருந்தும் முறையை ரௌத் 1877இல் தந்தார்.

இந்தக் கணக்கு நடக்கும் விதத்தை ஓர் ஊசலில் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள எடையற்ற தண்டு, நுனியில் குண்டு, கொஞ்சம் உராய்வு. செங்குத்துக் கோட்டிலிருந்து விலகிய கோணம் θ என்றால்,

```
θ'' + 0.4 θ' + 9.8 sin θ = 0
```

சமநிலைகள் இரண்டு: குண்டு கீழே தொங்குவது, தலைகீழாக மேலே நிற்பது. கீழே θ சிறியதாக இருக்கும்போது sin θ-வுக்குப் பதில் θ என்றே எழுதலாம். அப்போது `λ² + 0.4λ + 9.8 = 0`. மூலங்கள் −0.2 ± 3.12i. மெய்ப்பகுதி எதிர்மம் என்பதால் ஆட்டம் அடங்கும். கற்பனைப் பகுதி ஆட்டத்தின் வேகத்தைச் சொல்கிறது. ஓர் அலைவுக்குச் சுமார் 2 நொடி. மேலே நிற்கும் நிலையில் sin θ குறி மாறுவதால் `λ² + 0.4λ − 9.8 = 0`, மூலங்கள் 2.94, −3.34. ஒன்று நேர்மம். அது ஒன்றே போதும்: சிறு விலகல் கால் நொடிக்குள் இரட்டிக்கும். எதிர்ம மூலம் ஒன்று கூடவே இருப்பதால் எந்தப் பயனும் இல்லை, மிகத் துல்லியமாகத் தேர்ந்த ஒரு திசையில் தள்ளினால் தவிர.

பெயர்க் கதைக்கு வருவோம். 1883இல் சில்வெஸ்டர் இந்த எண்களுக்கு ‘லேட்டன்ட் ரூட்’, அதாவது உறைமூலம், என்று பெயரிட்டார். நீருக்குள் ஆவியும் புகையிலைக்குள் புகையும் உறைந்திருப்பதுபோல அணிக்குள் இவை உறைந்திருக்கின்றன என்பது அவர் தந்த விளக்கம். எனக்குப் பிடித்த பெயர் இதுதான், ஆனால் நிற்கவில்லை. 1904இல் ஹில்பர்ட் தொகைச் சமன்பாடுகளைப் பற்றி எழுதும்போது ‘ஐகன்வெர்ட்’ என்றார். ஜெர்மனில் ‘ஐகன்’ என்றால் தனக்கே உரியது. அவருடைய எண் இன்றைய எண்ணின் தலைகீழி என்பது பலர் கவனிக்காத செய்தி. 1926இல் ஷ்ரோடிங்கர் தம் குவாண்டம் கட்டுரைகளின் தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்தார். ஆங்கிலத்தில் முன்பாதி ஜெர்மனாகவும் பின்பாதி ஆங்கிலமாகவும் ஒட்டிய கலப்புச் சொல்லை எதிர்த்து நெடுநாள் போராடிய ஹால்மோஸ், 1967இல் தம் தோல்வியை ஒப்புக்கொண்டார். தமிழில் ‘ஐகன் மதிப்பு’ அதே கலப்பின் வழி வந்தது. ‘சிறப்பியல்பு மதிப்பு’ கோஷியின் பிற்காலச் சொல்லின் வழி வந்தது. இரண்டும் புழங்கட்டும்.

பெயரைவிடப் பெரிய கேள்வி ஒன்று 1892 வரை தீராமல் இருந்தது. தள்ளிய வர்க்கத்தையும் கனத்தையும் யார் கேட்டுத் தள்ளினார்கள்? நேரியல் சமன்பாடு சொன்ன தீர்ப்பு அசல் சமன்பாட்டுக்கும் செல்லுமா? கார்கிவில் பணியாற்றிய லியாபுனவ் அந்த ஆண்டு வெளியிட்ட ஆய்வேட்டில் எல்லைக்கோடு கிழித்தார். எல்லா மெய்ப்பகுதிகளும் எதிர்மம் என்றால் சமநிலை நிலையானது; ஒன்றாவது நேர்மம் என்றால் நிலையற்றது. இவ்விரண்டிலும் தள்ளிய உறுப்புகளால் தீர்ப்பை மாற்ற முடியாது. நேர்மம் எதுவும் இல்லாமல் ஏதாவது ஒரு மெய்ப்பகுதி பூச்சியமானால் முதல் தோராயம் வாய் மூடிக்கொள்கிறது.

நம் ஊசலிலிருந்து அந்த உராய்வை எடுத்துவிட்டுக் காற்றின் தடையை மட்டும் வைப்போம். அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது:

```
θ'' + c |θ'| θ' + 9.8 sin θ = 0
```

நேரியலாக்கினால் c உள்ள உறுப்பு மறைந்துவிடும். மூலங்கள் ±3.13i. ஊசல் ஓயாமல் ஆடும் என்பது நேரியல் படம். உண்மையில் c நேர்மம் என்றால் ஆட்டம் அடங்குகிறது, ஆனால் மந்தமாக. நெடுநேரம் கழித்து வீச்சு காலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும், அடுக்குக்குறி விகிதத்தில் அல்ல. c எதிர்மம் என்று வைத்தால் ஆட்டம் வளரும். இரண்டுக்கும் ஐகன் மதிப்புகள் ஒன்றே. கோள்களின் கணக்கில் வருவதும் இந்தத் தூய கற்பனை மூலங்கள்தான் என்பதால், சூரியக் குடும்பம் என்றும் நிலைக்கும் என்ற முடிவை முதல் தோராயத்தை மட்டும் வைத்து எடுக்க முடியாது.

மெய்ப்பகுதி எதிர்மமாக இருந்தாலும், அந்தத் தீர்ப்பு சமநிலையின் அண்மையில் மட்டுமே செல்லும் என்பதை மறந்துவிடக் கூடாது. `x' = −x + 100x³` எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சியத்தில் ஐகன் மதிப்பு −1. தொடக்கம் 0.09 என்றால் x பூச்சியத்துக்குத் திரும்பும், 0.11 என்றால் எல்லையின்றி வளரும். 100 இருந்த இடத்தில் 0.01 போட்டால் ஐகன் மதிப்பு அதே −1, ஆனால் எல்லை 0.1இலிருந்து 10க்குப் போய்விடுகிறது. எவ்வளவு அருகில் என்பது அந்த எண்ணில் எழுதப்படவே இல்லை.

கணினி −0.0000001 என்று ஒரு மெய்ப்பகுதியைக் காட்டினால் உடனே ‘நிலையானது’ என்று எழுதிவிடாதீர்கள். அது வட்டமிடல் பிழை அளவே உள்ள பூச்சியமாக இருக்கலாம். தள்ளிவிட்ட உறுப்புகளைத் திரும்ப எடுத்து வைத்துக் கணக்கைத் தொடருங்கள்.