வென்றவனின் கண்ணீர்: ஹோமரின் ஒரு நீள் உவமை

காவியம் வாசிக்கையில் நாம் பெரும்பாலும் கதையின் வேகத்தில் தாண்டிச் சென்றுவிடும் இடங்கள் உண்டு. நீண்ட உவமைகள் அவற்றுள் முதன்மையானவை. 'எப்படி ஒரு...' என்று தொடங்கி, பல வரிகள் வேறெங்கோ அலைந்து, 'அப்படியே இவனும்' என்று கதைக்குத் திரும்பும் வடிவம் அது. ஹோமரிடமிருந்து வர்ஜிலும் பின்னர் மில்டனும் பெற்றுக்கொண்ட வடிவம். வெறும் அணி என்றே இதை எண்ணியிருந்தேன், ஒடிசியின் எட்டாம் காண்டத்தை நிதானமாக வாசிக்கும்வரை.

ட்ராய் வீழ்ந்து பத்தாவது ஆண்டு. எல்லாம் இழந்து கரையொதுங்கிய ஒடிசியஸ், ஃபயாக்கியர்களின் அரசன் அல்கினூஸின் விருந்தில் பெயர் சொல்லாத அந்நியனாக அமர்ந்திருக்கிறான். டெமோடோகஸ் என்ற பார்வையற்ற பாணன் பாடுகிறான். மரக்குதிரையின் கதையைப் பாடும்படி கேட்டவனே ஒடிசியஸ்தான். பாணனும் பாடுகிறான்: குதிரையிலிருந்து வீரர்கள் இறங்குவதை, நகரம் சூறையாடப்படுவதை, ஒடிசியஸ் மெனலாஸுடன் டெய்ஃபோபஸின் வீட்டிற்குச் சென்று கடுஞ்சமரில் வென்றதை. அது அவனுடைய வெற்றிப்பாடல். கேட்டவனின் கன்னங்கள் நனைகின்றன.

இங்கே ஹோமர் கதையை நிறுத்துகிறார். எட்டு வரிகளுக்கு ஒரு பெண் வருகிறாள். தன் நகரையும் பிள்ளைகளையும் காக்கப் போரிட்டு வீழ்ந்த கணவன் மேல் அவள் விழுந்து கிடக்கிறாள். அவன் மூச்சுத்திணறிச் சாவதைக் கண்டு, அவனைத் தழுவிக் கதறுகிறாள். பகைவர் பின்னாலிருந்து ஈட்டிகளால் அவள் முதுகிலும் தோளிலும் அடித்து, அடிமை வாழ்வுக்கு இழுத்துச் செல்கிறார்கள். துயரத்தால் அவள் கன்னங்கள் வாடுகின்றன. அப்படியே ஒடிசியஸும் கண்ணீர் விட்டான் என்று கவிதை மண்டபத்திற்குத் திரும்புகிறது.

கண்ணீர் பெருகியது என்று சொல்ல இத்தனை விரிவு தேவையில்லை. ஈட்டியடி வேண்டவே வேண்டாம், ஏனெனில் ஒடிசியஸை எவரும் அடிக்கவில்லை. ஒப்புமைக்கு மிஞ்சி நிற்கும் இந்தப் பகுதிதான் முக்கியமானது. அந்தப் பெண்ணுக்குப் பெயரில்லை. அவள் ட்ராயைச் சேர்ந்தவள் என்றும் கவிஞர் சொல்லவில்லை. ஆனால் ஒரு கணம் முன்புவரை பாணன் பாடிக்கொண்டிருந்தது எந்த நகரின் வீழ்ச்சியை? அத்தகைய பெண்களை உருவாக்கியவனே அவளைப்போல் அழுகிறான். பாணனின் பாடல் விட்டுவிட்டதை உவமை நிரப்புகிறது.

சொற்களும் இதற்குத் துணைநிற்கின்றன. அவளுடைய துயரத்துக்கும் அவனுடைய கண்ணீருக்கும், அடுத்தடுத்த வரிகளில், 'இரங்கத்தக்க' என்று பொருள்படும் ஒரே கிரேக்க அடைமொழிதான். நனைந்த அவன் கன்னங்களில் தொடங்கிய உவமை, வாடிய அவள் கன்னங்களில் முடிகிறது.

ஒடிசியஸ் மனம் வருந்தினான் என்று இதைக்கொண்டு முடிவுகட்டிவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். உவமை கவிஞரின் குரல்; அவன் காதில் அது விழவில்லை. அடுத்த காண்டத்தில் தன் கதையைச் சொல்லத் தொடங்கும் அவன், ட்ராயிலிருந்து கிளம்பியதும் கிகோனியரின் நகரைச் சூறையாடி, ஆண்களைக் கொன்று, பெண்களைப் பங்கிட்டதை உணர்ச்சியின்றிக் குறிப்பிடுகிறான். பாத்திரம் அறியாததை உவமை அறிந்திருக்கிறது. வாசகன் இரண்டுக்கும் நடுவே நிற்கிறான்.

ஹோமரின் எல்லா உவமைகளுக்கும் இந்த ஆழம் உண்டு என்று சொல்லமுடியாது. இலியட்டில், கட்டறுத்துக்கொண்டு பிடரி பறக்க ஓடும் கொழுத்த குதிரை ஆறாம் காண்டத்தில் பாரிஸுக்கு உவமையாகிறது. ஓய்ந்திருந்து, ஒப்பனையோடு போருக்குக் கிளம்பும் அவனுக்கு அது கச்சிதம். அதே வரிகள் பதினைந்தாம் காண்டத்தில், கல்லடிபட்டு மயங்கித் தெளிந்த ஹெக்டருக்கும் வருகின்றன. அவற்றில் சில இரண்டாமிடத்துக்கு உரியவையல்ல என்று அலெக்ஸாண்டிரியாவின் பண்டைய உரையாசிரியர் அரிஸ்டார்கஸ் ஐயுற்றார். வாய்மொழிப் பாணனுக்குக் கைவசமிருந்த வரிகள் மீண்டும் பயன்பட்டிருக்கலாம். அதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் இடம்பெயர்த்து வைத்தாலும் பொருந்தும் உவமை ஒருவகை. பெயர்த்தால் உயிரிழப்பது வேறுவகை. கைதான அந்தப் பெண்ணை வேறெந்த அழுகைக்கும் உவமையாக்க இயலாது.

உவமை முடிந்ததும், அருகிலிருந்த அல்கினூஸ் மட்டும் விருந்தினனின் அழுகையைக் கவனித்துப் பாடலை நிறுத்தச் சொல்கிறான். நீ யார் என்று கேட்கிறான். ஒடிசியஸ் தன் பெயரைச் சொல்கிறான். அந்தப் பெயருக்குச் சற்றுமுன் பெயரற்ற ஒருத்தியை நிறுத்திவிட்டுத்தான் ஹோமர் அவனைப் பேசவிடுகிறார்.