பார்த்தேனா, பார்த்தானா?

எதிர்வீட்டுப் பெண் கிழக்குத் தாம்பரத்தில் சுருக்கெழுத்து வகுப்புக்குப் போகிறாள். நேற்று மாலை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "சார், கோர்ட்டில் ஸ்டெனோ வேலைக்குக் கேட்கிற வேகத்தைவிட சட்டசபை நிருபர் வேலைக்கு ஏன் அதிகம் கேட்கிறார்கள்? இரண்டு இடத்திலும் பேசுவதைத்தானே எழுதுகிறோம்?" பதில் சொல்லப் போய், 1908 வரை போய்விட்டோம்.

அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் தமிழில் பேசினார்கள். அதற்காக ராஜதுரோக வழக்கு வந்தது. ஆங்கிலத்துக்கு 1837-லேயே ஐசக் பிட்மன் சுருக்கெழுத்து தந்துவிட்டார். தமிழ்ப் பேச்சைப் பிடிக்க அப்படி ஒரு கருவி அப்போது புழக்கத்தில் இல்லை. கூட்டத்தில் நின்று போலீசார் எடுத்த குறிப்புகள்தான் நீதிமன்றத்தில் சான்றாயின. அதை வைத்து ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்பு எழுதினார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. பிறகு உயர்நீதிமன்றம் குறைத்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில், மேடைப் பேச்சைச் சொல் விடாமல் பிடிக்க வேண்டும் என்ற அரசாங்கத்தின் அக்கறையோடுதான் தமிழ்ச் சுருக்கெழுத்து வளர்ந்தது. பிட்மன் முறையை எம். சீனிவாச ராவ் தமிழுக்குப் பொருத்தினார். நம் மொழிக்கு இந்தக் கலை வேவு பார்க்க வந்த வழியாக வந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்தும்.

இப்போது அவள் கேள்விக்கு வருகிறேன். நம் ஊர் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சி சொல்வதை ஸ்டெனோ சொல்லுக்குச் சொல் பிடிப்பதில்லை. சாட்சியத்தைப் பொதுவாகக் கேள்வி பதிலாக அல்ல, தொடர்ந்த கூற்றாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். சாட்சி சொன்னதை நீதிபதி கேட்டு, வாக்கியமாக்கி டிக்டேட் செய்வார். கேள்வி பதிலாகவே பதிய வேண்டிய இடத்தை அவரே முடிவு செய்யலாம். அமெரிக்கப் படங்களில் ஒருவர் சிறு இயந்திரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பாரே, அது வேறு வழக்கம். ஆக, இங்கே ஸ்டெனோ பிடிக்க வேண்டியது ஒரே ஒருவர் குரலை. அவர் யோசித்து நிறுத்துவார், திருத்துவார்.

சட்டசபையில் உறுப்பினர் யாருக்காகவும் நிறுத்தமாட்டார். நடுவே இன்னொருவர் எழுவார், மேசை தட்டுவார்கள். அத்தனையும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். அதனால்தான் நிருபர்கள் சில நிமிடங்களுக்கு ஒருவராக மாறி மாறி எழுதுகிறார்கள். உயர்வேகச் சான்றிதழ் கேட்கிறார்கள். கிண்டியிலுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் ஜூனியர் நிமிடத்துக்கு 80 சொல், இன்டர்மீடியட் 100, சீனியர் 120. உயர்வேகம் அதற்கும் மேல்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மத்திய அரசின் ஸ்டெனோகிராஃபர் 'சி' தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 100 சொல் வீதம் 10 நிமிடம் டிக்டேஷன். மொத்தம் 1000 சொல். ஆங்கிலத்தில் அதைத் தட்டச்சு செய்ய 40 நிமிடம். நிமிடத்துக்கு 25 சொல்தான் வருகிறது. டைப்ரைட்டிங் லோயருக்கே 30 சொல் அடிக்கிறோமே! பிறகு ஏன் தோற்கிறார்கள்? விரல் தவறுவதால் அல்ல. தான் எழுதியதைத் தானே படிக்க முடியாமல் போவதால்.

அது எப்படி என்று அவளுடைய நோட்டிலேயே பார்த்தோம். பிட்மன் முறையில் மெய்யெழுத்துதான் கோடு. வேகத்தில் உயிரெழுத்துக் குறிகளை விட்டுவிடுவார்கள். கோடு வரிக்கு மேலே இருக்கிறதா, வரியில் உட்காருகிறதா, வரியை வெட்டுகிறதா என்பதை வைத்து உயிரை ஊகிக்க வேண்டும். ஆனால் அந்த இடம் காட்டுவது சொல்லின் முதல் உயிரை மட்டும். ஆங்கிலத்துக்கு அது பெரும்பாலும் போதும். தமிழில் யார் செய்தார் என்பது சொல்லின் கடைசியில் அல்லவா இருக்கிறது? 'பார்த்தேன்', 'பார்த்தான்' இரண்டுக்கும் முதல் உயிர் ஒன்றே, மெய்களும் அவையே. கடைசி உயிருக்குக் குறி போடாவிட்டால் இரண்டும் ஒரே கோடு.

"கத்தியைப் பார்த்தேன்" என்றால் சாட்சி பார்த்தது. "கத்தியைப் பார்த்தான்" என்றால் எதிரி பார்த்தது. அவள் நோட்டில் அந்த இடத்தில் குறி இல்லை. எது என்று கேட்டேன். முன் வாக்கியத்தைப் பார்த்தாள், பின் வாக்கியத்தைப் பார்த்தாள். இரண்டும் பொருந்தியது. "தெரியலை சார்" என்றாள். நேர்மையான பதில். பரீட்சையில் அது ஒரு தவறு; மதிப்பெண்ணில் கழியும். நீதிமன்றத்தில் ஸ்டெனோ எழுந்து நீதிபதியிடமே கேட்டுவிட வேண்டும். ஊகித்து அடித்துவிட்டால், சாட்சியிடம் படித்துக் காட்டும்போது அவர் கவனித்தால்தான் உண்டு.

எனக்கும் ஒரு பழைய கதை உண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த நாளில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். டைப்ரைட்டிங் லோயர் தேறினேன். சுருக்கெழுத்தை ஆறு மாதத்தில் விட்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன், ஒரு வரி கூடப் படிக்க முடியவில்லை.

அவளுக்கு ஆகஸ்டில் சீனியர் பரீட்சை. இப்போதைக்கு வேகத்தை 100-க்கு இறக்கி, வினைமுற்று வரும் இடத்தில் மட்டும் கடைசிக் குறியை விடாமல் போட்டுப் பழகுகிறாள். தினமும் மாலை செய்தித்தாளிலிருந்து டிக்டேஷன் கொடுப்பது நான்தான். கையில் கடிகாரத்தோடு.