கிட்டார் சொன்ன ஆண்டு

தொலைக்காட்சி கருத்தரங்கத்தில் பேசியதின் எழுத்து வடிவம்

பழைய தோட்டப் படங்களைக் கொண்டு வாருங்கள் என்று நாங்கள் கேட்டபோது, கலும்பாங்கிலிருந்து ஓர் இளைஞர் கறுப்பு வெள்ளைப் படமொன்றை எடுத்து வந்தார். தோட்டத்துக் கல்யாணப் பந்தல், சிறிய மேடை, நடுவில் கிட்டாருடன் ஒருவர். பின்பக்கத்தில் பேனாவால் 1962 என்று எழுதியிருந்தது. "இது எங்கள் பெரிய தாத்தா. 1964-இல் இறந்துவிட்டார். அவருடைய ஒரே படம் இதுதான்" என்றார் அவர். திதி நாளில் மாலை போடுவதும் இந்தப் படத்துக்குத்தானாம்.

கிட்டாரைப் பற்றி அவரிடம் கேட்டேன். "ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வின் வைத்திருந்த மாதிரி" என்றார். க்ளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் 1961-இல் சிங்கப்பூருக்கு வந்து வாசித்த பிறகு, இந்த வட்டாரத்துப் பையன்களுக்கெல்லாம் மின்கிட்டார் பைத்தியம் பிடித்தது உண்மை. 'குகிரான்' எனப்பட்ட மலாய் கிட்டார் குழுக்கள் கிளம்பிய காலமும் அந்த அறுபதுகள்தான். ஆகவே 1962 என்றால் யாரும் நம்பிவிடுவார்கள். நானும் நம்பினேன்.

சந்தேகம் வந்தது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான். இந்த வேலையில் எல்லோரும் முதலில் கிட்டாரின் தலையைத்தான் பார்ப்பார்கள். பெயர் அங்கேதானே இருக்கிறது. ஆனால் தலையை நம்பி மட்டும் இறங்கக் கூடாது. பெயரை யாரும் ஒட்டலாம், வடிவத்தையும் காப்பி அடிக்கலாம். கிப்சன் கிட்டாரின் தலை வடிவத்தைப் பின்பற்றியதாக, ஐபனேஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின் மேல் 1977-இல் வழக்கே போட்டார்கள். உடலும் பிரிட்ஜும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் தலையிடம் கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால், படம் இடம் வலமாக மாறிப் பிரிண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் சட்டையின் பொத்தான் எந்தப் பக்கம் என்று கவனித்தால் தெரிந்துவிடும். இந்தப் படத்தில் அது சரியாகவே இருந்தது.

பிறகு உடல். இரண்டு கொம்புகள், மேல்கொம்பு நீளம். வாசிப்பவரின் கை பாதியை மறைத்தாலும், ஒயர் செருகும் இடம் தெரிந்தது. அது உடலின் ஓரத்தில் இல்லை. முகப்பிலேயே, சிறு படகு போலக் குழிந்த தகட்டில் சாய்வாக இருந்தது. 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரின் அடையாளம் அது. பிரிட்ஜ் மேல் பளபளப்பான மூடி, பக்கத்தில் ஸ்வரத்தை அசைக்கும் கைப்பிடி. இவையும் ஒத்துப்போயின. அக்காலத்து ஜப்பான் கிட்டார்கள் பலவற்றில் கழுத்தின் தொடக்கத்தில், கம்பிகள் தாங்கும் எலும்புத்துண்டை ஒட்டியே ஒரு கூடுதல் உலோகக் கட்டை இருக்கும். இதில் அது இல்லை. இந்தச் சோதனையைத் தாண்டக் கூடாது. ஜப்பானில் பெரிய தலை வைத்த கிட்டார்கள் வேறு விதங்களிலும் உண்டு. அப்படி ஒன்றாக இருந்தால் தலையின் அளவு ஆண்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

இப்போது தலை. ஆறு முறுக்காணிகளும் ஒரே பக்கம். நுனி உருண்டை தடித்துப் பெருத்திருந்தது. ஹேங்க் மார்வினின் 1959 கிட்டாரில் தலை சிறியது, ஒல்லியானது. ஃபெண்டர் தலையைப் பெரிதாக்கியது 1965-இன் பிற்பகுதியில்தான். கேமராப் பக்கம் சாய்ந்தால் சிறிய தலையும் பெரிதாகத் தெரியுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகத் தலையை முறுக்காணியோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒரே தளத்தில் இருப்பதால், சாய்ந்தால் இரண்டும் சேர்ந்தே பெரிதாகும். பழைய சிறிய தலைப் படமொன்றைப் பக்கத்தில் வைத்து முறுக்காணியின் அளவைச் சமமாக்கிப் பார்த்ததில், நம் படத்தின் தலை தெளிவாக வெளியே துருத்தியது.

அசலோ, அசலை அப்படியே பார்த்துச் செய்ததோ, எதுவானாலும் காப்பி அசலுக்கு முன் பிறக்க முடியாது. ஆகவே படம் 1965-இன் கடைசிக்குப் பிறகு எடுத்தது. எவ்வளவு பிறகு என்பதைக் கிட்டார் சொல்லாது. 1971 முதல் தலையின் அடியில் தோட்டா போன்ற உலோகக் குமிழ் ஒன்று வரும். இதில் அது இல்லை. கிட்டார் அதற்கு முந்தியது என்று சொல்லலாம், படம் முந்தியது என்று சொல்ல முடியாது. பழைய கிட்டாரை எண்பதுகளிலும் வாசிப்பார்கள் அல்லவா!

அப்படியானால் 1964-இல் இறந்தவர் இந்தப் படத்தில் இருக்க வழியில்லை. ஒளிபரப்புக்கு முன் இதை அந்த இளைஞரிடம் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. வீட்டுக்குப் போய்த் தம் பாட்டியிடம் படத்தைக் காட்டியிருக்கிறார். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது பெரியவர் இல்லப்பா, சின்னவர். பெரியவருக்குக் காதுல கடுக்கன் இருக்கும்" என்றாராம். ஆண்டை எழுதியவர் யார் என்று பாட்டிக்கும் தெரியவில்லை.

சின்னவரின் பிள்ளைகள் இப்போது காப்பாரில் இருக்கிறார்கள். அவர்களிடம் தகப்பனாரின் படம் ஒன்றுகூட இல்லையாம். ஒரு பிரதி கேட்டு எழுதியிருக்கிறார்கள்.