தீபாவளி இடம்பெயரும்போது: ஜவுளி வணிகத்தின் பருவக் குறியீடு

தமிழ்நாட்டு ஜவுளிக்கடையின் மாத அறிக்கையில் மே மாதத்தையும் அக்டோபரையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் பயனில்லை; அதனால்தான் பருவக் குறியீடு தேவைப்படுகிறது. சராசரி மாதத்தை 100 எனக் கொண்டு, ஒவ்வொரு மாதமும் வழக்கமாக அதில் எத்தனை பங்கு விற்கிறது என்று கணக்கிட்டு, நடப்பு விற்பனையை அந்தப் பங்கால் வகுப்பது இதன் சாரம். பாடநூல் முறைப்படி, பன்னிரண்டு மாத நகரும் சராசரியைப் போக்காகக் கொண்டு, விற்பனைக்கும் போக்குக்கும் உள்ள விகிதத்தைச் சில ஆண்டுகளுக்குச் சராசரியிட்டு, பன்னிரண்டு குறியீடுகளின் கூட்டுத்தொகை 1200 ஆகும்படி சரிசெய்வார்கள். பருவம் ஆண்டுதோறும் அதே மாதத்தில் வரும் என்பது இம்முறையின் சொல்லப்படாத நிபந்தனை. பொங்கல் அதற்குக் கட்டுப்படுகிறது. ஆடித் தள்ளுபடியும் அப்படித்தான்; ஆடி சூரிய மாதம் என்பதால் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. ஆண்டின் மிகப் பெரிய வணிகமான தீபாவளியோ சந்திரக் கணக்கில் வருவது. 2022இல் அது அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31.

இதன் விளைவைக் காண, வளர்ச்சியோ தளர்ச்சியோ இல்லாத ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 1200 லட்சம். அக்டோபரிலும் நவம்பரிலும் சாதாரண விற்பனை தலா 80 லட்சம். தீபாவளிக்கு முந்தைய 20 நாள்களில் நாளொன்றுக்கு 12 லட்சம் வீதம் 240 லட்சம் கூடுதல். 2022லும் 2024லும் அந்த 20 நாளும் அக்டோபருக்குள் அடங்குவதால் அக்டோபர் விற்பனை 320, நவம்பர் 80. 2023இல் 9 நாள் அக்டோபரிலும் 11 நாள் நவம்பரிலும் விழ, அவை 188, 212 ஆகின்றன. மூன்றாண்டுச் சராசரியில் அக்டோபர் குறியீடு 276, நவம்பர் குறியீடு 124. இவற்றால் வகுத்தால் 2023 அக்டோபர் 68 ஆகச் சரிகிறது, நவம்பர் 171 ஆக எகிறுகிறது. கடையில் எதுவும் மாறவில்லை. மாறியது நாள்காட்டி மட்டுமே. போக்குக் கோடும் இதில் தப்பவில்லை. 2022 நவம்பர் முதல் 2023 அக்டோபர் வரையிலான பன்னிரண்டு மாதத்தில் முழுத் தீபாவளி ஒன்றுகூட இல்லை; கூட்டுத்தொகை 1068தான். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் ஒன்றரைத் தீபாவளி புகுந்து 1332 ஆகிறது. எந்த அளவுகோலால் பருவத்தை அளக்கிறோமோ, அந்த அளவுகோலே நீண்டு சுருங்குகிறது.

இன்னும் அதிக ஆண்டுகளைச் சேர்த்தால் பிழை கரைந்துவிடும் என்பார்கள். கரையாது. அக்டோபருக்கு இரண்டு முகங்கள் உண்டு. எத்தனை ஆண்டு சேர்த்தாலும் சராசரி அவ்விரண்டுக்கும் நடுவே, எந்த ஆண்டும் காணாத ஓர் எண்ணில்தான் நிற்கும். தமிழ் மாதத்துக்கு மாறலாம் என்பது கவர்ச்சியான யோசனை, ஏனெனில் தீபாவளி ஐப்பசியில் வருகிறது. ஆனால் பண்டிகை வருவது ஐப்பசியில் என்றாலும் துணி விற்பது அதற்கு முன்பு. 2025இல் தீபாவளி அக்டோபர் 20. அந்த 20 நாளில் பெரும்பகுதி புரட்டாசியில் போய்விட்டது. அக்டோபரையும் நவம்பரையும் ஒன்றாகக் கூட்டிவிடலாம் என்ற மறுப்பே வலுவானது. ஆண்டறிக்கைக்கு அது போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சரக்கு மிஞ்சியதா என்று கேட்பவருக்கு நவம்பர் 30 வரை காத்திருக்கச் சொல்லும் அறிக்கை உதவாது.

எனவே தீபாவளியை மாதக் குறியீட்டிலிருந்து முதலிலேயே பிரித்தெடுக்க வேண்டும் என்பதே என் வாதம். தினசரி பில் தொகையை, தீபாவளிக்கு முந்தைய நாளை 1 எனக் கொண்டு பின்னோக்கி எண்ண வேண்டும். சாதாரண நாள் விற்பனைக்கு மேற்பட்ட பகுதியைத் தனியே நீக்கி, எஞ்சியதற்கு மட்டும் பாடநூல் முறையில் குறியீடு காண வேண்டும். நீக்கியதை, அவ்வாண்டு தேதிப்படி எத்தனை நாள் எந்த மாதத்தில் விழுகிறதோ அதற்கேற்பத் திரும்பச் சேர்த்து, அதையே அம்மாதத்தின் எதிர்பார்ப்பாகக் கொள்ள வேண்டும். ஈஸ்டர் இதேபோல் மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் இடையே நகர்வதால், அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் X-13ARIMA-SEATS நிரலிலும் அதற்கெனத் தனிக் கூறு உண்டு. என் எடுத்துக்காட்டில் உள்ளதுபோல நாளுக்கு 12 லட்சம் என்ற சமபங்கு உண்மையில் இருக்காது. கூட்டம் கடைசி வாரத்தில் குவியும், போனஸ் கைக்கு வரும் நாளும் கடைசி ஞாயிறும் அதை இழுக்கும். ஆகவே ஒவ்வொரு நாளின் பங்கையும் சில ஆண்டுப் பில்களிலிருந்தே எடுக்க வேண்டும். ஊரடங்கால் வணிகம் குலைந்த 2020ஐ அதில் சேர்க்கக் கூடாது. பிரித்தது சரியா என்பதற்கு எளிய சோதனை உண்டு: சரிசெய்த அக்டோபர் எண்களைத் தீபாவளித் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். தேதி பிந்தப் பிந்த எண்ணும் இறங்கிக்கொண்டே போனால், பண்டிகையின் ஒரு பகுதி இன்னும் குறியீட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2026இல் தீபாவளி நவம்பர் 8. நம் கற்பனைக் கடைக்கு 13 நாள் அக்டோபரிலும் 7 நாள் நவம்பரிலும் விழும். 2025இல் 308 லட்சம் விற்ற அக்டோபர் 236 லட்சத்தில் நின்றால், அந்தக் கடை ஒரு ரூபாயும் இழக்கவில்லை.