நீல அட்டையும் ஒதுக்கிடமும்: இங்கிலாந்தின் ஊர்தி நிறுத்த உரிமை பற்றிய ஓர் ஆய்வு

1. எல்லையும் வரையறையும்

உடற்குறை உடையவர்களுக்கென ஊர்தி நிறுத்த இடம் ஒதுக்கும் முறை இன்று பல நாடுகளில் உண்டு. அவற்றுள் இங்கிலாந்தின் முறையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் விதிகள் சில இடங்களில் வேறுபடுவதால் அவை இவ்வாய்வுக்கு வெளியே நிற்கின்றன.

இரண்டு சொற்களுக்கு முதலில் பொருள் வரையறுப்போம். சாலையிலோ நிறுத்துமிடத்திலோ சக்கர நாற்காலிக் குறி வரைந்து, தகுதியுடையோருக்கென விடப்பட்ட இடம் 'ஒதுக்கிடம்'. அங்கே நிறுத்தும் உரிமைக்குச் சான்றாக உள்ளாட்சி மன்றம், அதாவது கவுன்சில், வழங்கும் அட்டை 'நீல அட்டை'. இங்கிலாந்துத் தமிழர் பேச்சில் இது புளூ பேட்ஜ்.

1970ஆம் ஆண்டின் நாட்பட்ட நோயாளர், உடற்குறையாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவே இந்த அட்டையின் வேர். நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்ஃப் மோரிஸ் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டம் அது. 1971இல் அட்டை ஆரஞ்சு நிறத்தில் புழக்கத்துக்கு வந்தது. 2000இல் ஐரோப்பியப் பொது வடிவத்தை ஏற்று நீலமானது.

இம்முறை முழுவதையும் தாங்குவது ஒரே கொள்கை என்பது எம் துணிபு. அட்டை ஊர்திக்கு உரியதன்று, குடும்பத்துக்கு உரியதன்று. ஓர் ஆளுக்கு உரியது. அந்த ஆளும் பயணத்தில் இருக்கும்போது மட்டுமே அதற்கு உயிர் உண்டு. பெறுதல், பயன்படுத்துதல், தண்டித்தல் என்ற மூன்று படிகளிலும் இக்கொள்கையே தொழிற்படுகிறது.

2. ஒதுக்கிடத்தின் வகைகள்

ஒதுக்கிடத்தை அதன் சட்ட வலு நோக்கி மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, ஆணை பெற்ற ஒதுக்கிடம். கவுன்சில் முறைப்படி போக்குவரத்து ஆணை பிறப்பித்து, தரையில் கோடும் கம்பத்தில் பலகையும் வைத்த இடம் இது. இங்கே அட்டையின்றி நிறுத்துவோர்க்குத் தண்டம் விதிக்கலாம்.

இரண்டாவது, அறிவுரை ஒதுக்கிடம். குடியிருப்புத் தெருக்களில், உடற்குறையுடையவர் வீட்டு வாசலில், அவர் வேண்டுகோளின்பேரில் கவுன்சில் கோடு மட்டும் போட்டுக் கொடுப்பதுண்டு. பின்னால் ஆணை இல்லாததால் வேறொருவர் வந்து நிறுத்தினால் தண்டம் விதிக்க வழியில்லை. ஒரு தவறான எண்ணமும் இங்கே பரவலாக இருக்கிறது. வாசலில் போட்ட கோடு தமக்கே உரியது என்று வீட்டார் கருதுகின்றனர். உண்மையில், ஆணை பெற்றதாயினும் பெறாததாயினும், பொதுச் சாலையின் ஒதுக்கிடத்தில் நீல அட்டை உடைய எவரும் நிறுத்தலாம்.

மூன்றாவது, தனியார் நில ஒதுக்கிடம். பேரங்காடிகளின் முற்றத்தில் இருப்பவை பெரும்பாலும் இவ்வகை. இதை ஐந்தாம் பகுதியில் விளக்குவோம்.

ஒதுக்கிடம் அகலமாக இருப்பதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். வழக்கமான நிறுத்துமிடம் 2.4 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் உடையது. சாலைக்கு வெளியேயுள்ள ஒதுக்கிடத்தில் பக்கத்திலும் பின்னும் 1.2 மீட்டர் பட்டை கூடுதலாக விடப்படும். கார்க்கதவை முழுதாகத் திறந்து சக்கர நாற்காலியை அருகே நிறுத்தி மாறி உட்கார அந்தப் பட்டை வேண்டும். 'இடத்தில் நிறுத்தவில்லை, பக்கத்துக் கோடுகளின்மேல்தான் நிறுத்தினேன்' என்பவர், காரிலிருந்து ஒருவர் இறங்கும் வழியை அடைத்துவிட்டார் என்பதே பொருள்.

3. அட்டை பெறும் முறை

விண்ணப்பத்தை அரசின் GOV.UK தளம் வழியாகவோ, நேரே கவுன்சிலுக்கோ அனுப்பலாம். ஒளிப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, தேசியக் காப்பீட்டு எண், உதவித்தொகை பெறுவோராயின் அதன் கடிதம் ஆகியவை தேவை. கட்டணம் 10 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. முடிவுக்கு 12 வாரம் வரை ஆகலாம். அட்டை வழக்கமாக மூன்றாண்டு செல்லும்; பின் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இவை எளியவை. சிக்கல் தகுதியில்தான் இருக்கிறது. தகுதி இருவகைப்படும்: நேர்த்தகுதி, ஆய்வுத்தகுதி.

வேறோர் அமைப்பு முன்பே செய்த மதிப்பீட்டைக் கவுன்சில் அப்படியே ஏற்பது நேர்த்தகுதி. பார்வையிழந்தவராகப் பதிவு பெற்றோர், டி.எல்.ஏ. என்னும் உதவித்தொகையில் நடமாட்டப் பகுதியை உயர் விகிதத்தில் பெறுவோர், போரில் ஊனமுற்றோருக்கான சில தொகைகள் பெறுவோர் இதில் அடங்குவர். இன்று பெரும்பாலோரைத் தொடுவது பி.ஐ.பி. என்னும் உதவித்தொகை. அதன் 'நடமாடுதல்' தலைப்பில் 8 புள்ளியோ மேலோ பெற்றால் அட்டை உறுதி. 50 மீட்டருக்கு மேல் நடக்க இயலாதவருக்கு 8 புள்ளி கிடைக்கும். 50 மீட்டரைத் தாண்டி 200 மீட்டருக்குள் நின்றுவிடுபவருக்கு 4 புள்ளியே. அவர் நேர்த்தகுதி பெறார்.

2019 ஆகஸ்ட் 30 முதல் கண்ணுக்குப் புலப்படாத குறைகளும் சேர்க்கப்பட்டன. பி.ஐ.பி.யின் 'பயணம் திட்டமிடுதல்' தலைப்பில், கடும் மனத்துயர் உண்டாகும் என்பதால் எந்தப் பயணமும் மேற்கொள்ள இயலாதவர் 10 புள்ளி பெறுவார். அவருக்கு நேர்த்தகுதி உண்டு. அதே தலைப்பில் வேறு காரணத்துக்காக 12 புள்ளி பெறுபவருக்கு இல்லை. எண் கூடியும் உரிமை கூடாத இந்த அமைப்பு விண்ணப்பிப்போரைத் தடுமாற வைக்கிறது. இங்கே சட்டம் எண்ணை நோக்கவில்லை, காரணத்தை நோக்குகிறது என்றாலும், இதை நன்கு வரைந்த விதி என்று எம்மால் சொல்ல முடியவில்லை.

ஆய்வுத்தகுதியை விளக்க ஓர் எடுத்துக்காட்டு அமைத்துக்கொள்வோம். 74 வயதுத் தாய் ஒருவருக்கு இரு முழங்காலிலும் மூட்டுத் தேய்வு. ஓய்வூதிய வயதுக்குப் பின் நோய் முற்றியதால் அவர் பெறுவது அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். அதுவும் உயர் விகிதத்தில். 'அரசே அம்மாவின் இயலாமையை ஒப்புக்கொண்டுவிட்டது, அட்டை தானாக வரும்' என்று மகள் எண்ணுகிறார். வராது. அந்தத் தொகை பிறர் பராமரிப்பை அளக்கிறதே அன்றி நடையை அளப்பதில்லை. அதில் நடமாட்டப் பகுதியே கிடையாது. ஆகவே தாய் ஆய்வுக்கு உட்பட வேண்டும்.

ஆய்வில் கேட்கப்படுவது மூன்று. குறை நிலைத்ததா, அதாவது குறைந்தது மூன்றாண்டாவது நீடிக்கக்கூடியதா? பயணத்தின்போது அவரால் நடக்க இயலவில்லையா, அல்லது நடப்பது மிகக் கடினமாக இருக்கிறதா? நடக்கையில் அவருக்கோ பிறருக்கோ பெருந்தீங்கு நேரும் ஆபத்து உண்டா? முதல் கேள்விக்கு ஆம் என்பதோடு, மற்ற இரண்டில் ஒன்றுக்கேனும் ஆம் என்று வர வேண்டும். அறுவைக்குப் பின் ஆறு மாதத்தில் தேறிவிடுபவருக்கு அட்டை இல்லாததும் இதனால்தான்.

நோயின் பெயருக்கு இங்கே இடமில்லை. 'மூட்டுத் தேய்வு' என்று மட்டும் எழுதிய விண்ணப்பம் எதையும் நிறுவாது. எவ்வளவு தூரத்தில் நிற்க நேர்கிறது, எத்தனை நிமிடம் ஓய்ந்தபின் மீண்டும் நடக்கிறார், கைத்தடியா நடைச்சட்டமா, வலி எப்போது தொடங்குகிறது, மருந்துக்குப் பின்னும் இருக்கிறதா என்பனவே வேண்டும். அரசின் வழிகாட்டுதலின்படி 30 மீட்டருக்குள் நின்றுவிடுபவரின் நிலை தெளிவு. 80 மீட்டருக்கு மேல் வேறு இடரின்றி நடப்பவரின் நிலையும் தெளிவு. இடையில் உள்ளோருக்கு வேகம், வலி, மூச்சு, நடக்கும் விதம் ஆகியவை தீர்ப்பைத் தரும். முடிவு குடும்ப மருத்துவர் கையில் இல்லை; தேவைப்பட்டால் கவுன்சில் அமர்த்தும் இயன்முறை மருத்துவரோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ நடக்கச் சொல்லிப் பார்ப்பார். நல்ல நாளில் ஆய்வுக்குச் சென்று, வீறாப்போடு நிமிர்ந்து நடந்து காட்டும் முதியவர்கள் உண்டு. மோசமான நாள் வாரத்தில் எத்தனை என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவைப்பது இதற்கு மாற்று.

மறுக்கப்பட்டால் தீர்ப்பாயத்துக்குச் செல்ல வழியில்லை. மறுபரிசீலனை செய்யும்படி கவுன்சிலையே கேட்க வேண்டும். அதன்பின் உள்ளாட்சிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அவர் நடைமுறை சரியா என்று பார்ப்பார், தகுதியைத் தாமே தீர்மானிக்க மாட்டார். இம்முறையின் மெலிந்த இடம் இதுவே என்பது எம் கருத்து.

4. பயன்படுத்தும் நெறி

அட்டையை முகப்புப் பக்கம் வெளியே தெரியக் கண்ணாடியருகே வைக்க வேண்டும். ஒளிப்படம் உள்ள பக்கம் கீழே. தலைகீழாக வைப்பதும் தண்டத்துக்குரியதே. மஞ்சள் கோட்டில், ஏற்றி இறக்கத் தடை இல்லாத இடத்தில், மூன்று மணி நேரம் நிறுத்தலாம். அப்போது அட்டையுடன் வரும் நீலக் கடிகாரத்தில் வந்த நேரத்தைக் காட்ட வேண்டும். லண்டனின் நடுப்பகுதியில் சில பெருநகர மன்றங்கள் இச்சலுகைகளை முழுமையாக ஏற்பதில்லை.

5. தவறான பயன்பாடும் தண்டனையும்

முன்னைய தாய்க்கு அட்டை கிடைத்துவிட்டது என்று கொள்வோம். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் உறங்க, மகள் அட்டையுடன் கடைத்தெருவுக்குப் போய் ஆணை பெற்ற ஒதுக்கிடத்தில் நிறுத்துகிறார். வாங்குவது தாய்க்கான மருந்து. காரும் தாயின் பெயரில் உள்ளது. இரண்டுமே மகளைக் காவா. தாய் பயணத்தில் இல்லை. தாயை இறக்கிவிடவோ ஏற்றவோ வந்திருந்தால் குற்றமில்லை.

அலுவலர் ஒருவர் அட்டையைக் காட்டச் சொல்கிறார். மறுப்பதே தனிக் குற்றம். 2013ஆம் ஆண்டின் அட்டைச் சட்டத்துக்குப் பின் அவர் சீருடையில் இருக்க வேண்டியதில்லை. காவலர் உடனில்லாமலே அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளவும் அவருக்கு அதிகாரம் உண்டு. 'அம்மா கடைக்குள் இருக்கிறார்' என்றால் அழைத்துவரச் சொல்வார்.

இனி விளைவுகள் அடுக்கடுக்காக வரும். முதல் அடுக்கு உரிமையியல் தண்டம்: லண்டனுக்கு வெளியே 70 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் பாதி. இரண்டாம் அடுக்கு குற்றவியல் வழக்கு: நீதிமன்றம் 1000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம், கவுன்சிலின் வழக்குச் செலவும் சேரலாம், குற்றப் பதிவும் நிற்கும். மூன்றாம் அடுக்கு 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டம்: போலி அட்டை, தேதி திருத்திய அட்டை, இறந்தவரின் அட்டை போன்றவற்றுக்கு இது பயன்படும், சிறைக்கும் இடமுண்டு. மகளின் செயல் பொதுவாக முதல் இரண்டோடு நிற்கும். ஆனால் வாங்கப்பட்ட அட்டை வழங்கிய கவுன்சிலுக்குப் போகிறது. அது திரும்பி வரும்வரை மருத்துவமனை வாசலில் இடமின்றி நிற்பவர், எத்தவறும் செய்யாத தாய்.

தனியார் நிலத்தில் இவ்வடுக்குகள் இல்லை. பேரங்காடியில் கண்ணாடியில் ஒட்டப்படும் சீட்டு அரசின் தண்டம் அன்று. பலகையில் எழுதிய ஒப்பந்தத்தை மீறியதற்கு நிறுவனம் கேட்கும் தொகை. அத்தகைய தொகை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் வழக்கில் 85 பவுண்டுச் சீட்டு ஒன்றின்மீது தீர்ப்பளித்தது. அங்கே நீல அட்டைக்குத் தனியே சட்ட வலு இல்லை. உடற்குறையுடையோரைக் காப்பது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். இறங்கி நடக்க நேரம் கூடுதலாகத் தேவைப்பட்டவருக்கு அதிக நேரம் நின்றதற்காகச் சீட்டு வந்தால், முறையீட்டில் அச்சட்டத்தைச் சுட்டலாம்.

இறந்தவரின் அட்டை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேலே அச்சிட்ட காலக்கெடு மீதமிருந்தாலும் அது அன்றோடு செல்லாது. வீட்டார் அதைக் கவுன்சிலுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.