இரு வர்க்கங்களின் வித்தியாசம்

இரு வர்க்கங்களின் வித்தியாசம்: ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து மற்றோர் எண்ணின் வர்க்கத்தைக் கழித்து வருவது, அவ்விரண்டெண்களின் கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் பெருக்கி வருவதற்குச் சமம் என்னும் அட்சரகணித விதி. குறியீட்டில் இது a² − b² = (a − b)(a + b) என அமையும். பக்கம் a முழமுள்ள சதுர ஓலைப்பாயின் ஒரு மூலையிலிருந்து b முழச் சதுரத்தை வெட்டி நீக்கினால் எஞ்சுவதை, a − b முழ அகலம் ஒவ்வொன்றுக்கும் இருக்க, ஒன்று a முழமும் மற்றது b முழமும் நீளங்கொள்ளுமாறு இரு துண்டுகளாக்கி, நீளவாட்டில் சேர்த்துவைப்பின், a + b முழ நீளமும் a − b முழ அகலமும் உள்ள செவ்வகம் கிடைத்துவிடும். யூக்கிளிட் தமது இரண்டாம் நூலின் ஐந்தாம் பிரமேயத்தில் இதே உண்மையை நேர்கோடுகளின் பாஷையிற் கூறினார்.

பாரத தேசத்தில் 628ஆம் ஆண்டிலேயே பிரமகுப்தர், வர்க்கங்களின் வித்தியாசமும் எண்களின் வித்தியாசமும் தெரிந்தால் எண்களையே கண்டுவிடலாமென விதித்தார். இவ்விதியின் வலிமையை மிகச் சுவைபடக் காட்டியவர், 1150இல் லீலாவதியை இயற்றிய பாஸ்கராசாரியரே. ஒன்பது முழ உயரத்தூணின் உச்சியில் மயிலொன்று இருக்கிறது. தூணடியில் உள்ள தன் பொந்தை நோக்கி இருபத்தேழு முழத் தொலைவிலிருந்து பாம்பொன்று ஊர்ந்து வருகிறது. மயில் சாய்வாகப் பாய்ந்து அதனைப் பிடிக்கும்வரை இரண்டும் சென்ற தூரம் சமமாயின், பிடித்த இடம் பொந்துக்கு எவ்வளவு தூரம்? மயிலின் சாய்வுப் பாதையும் பொந்துக்கு எஞ்சிய தூரமும் சேர்ந்து 27; அவற்றின் வர்க்கங்களின் வித்தியாசம், செங்கோண முக்கோண விதிப்படி, 9இன் வர்க்கமாகிய 81. 81ஐ 27ஆல் வகுக்க, அவ்விரண்டின் வித்தியாசம் 3 என்று தெரிந்துவிடுகிறது. ஆகவே சாய்வுப் பாதை 15 முழம். பொந்துக்குள்ள தூரம் 12 முழம். இருபடிச் சமன்பாட்டுக்குள் இறங்காமலே கணக்கு முடிந்துவிட்டது என்பதே இதன் நயம்.

யாழ்ப்பாணத்தில் ஐரோப்பிய முறைக் கணிதம் தமிழில் வேரூன்றியதற்கு, அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி பெரிதுங் காரணமாயிற்று. அங்கே கற்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அதே ஆண்டில் செமினரி மூடப்பட்டது. எழுத்தைக் கொண்டு கணக்கிடுவது மேனாட்டார் கொணர்ந்த புதுமை என்று கருதிவிடுதல் தகாது. பாஸ்கரரும் தமது பீஜகணிதத்தில் அறியாத எண்களுக்கு நிறங்களின் பெயர்களைக் குறியீடாக வைத்தவரே. ஒரு குறியீடு எதற்கும் நிற்கலாம் என்பதை உணர்ந்தவனுக்கே விதி ஒளிந்துநிற்கும் இடங்கள் புலப்படும்.

அவ்விடங்களுள் மாணாக்கர் முதலிற் சந்திப்பது x⁴ − 1. நான்காம் வலுவைக் கண்டு மருளாது, x⁴ என்பது x²இன் வர்க்கம், 1 என்பது 1இன் வர்க்கம் என்று காண்பானாயின், a இருந்த இடத்தில் x²ஐ நிறுத்தி, (x² − 1)(x² + 1) என எழுதிவிடலாம். பெரும்பாலோர் இங்கேயே பேனாவைக் கீழே வைத்துவிடுகின்றனர். ஆனால் முதற் காரணியும் இரு வர்க்கங்களின் வித்தியாசமே. ஆதலால் விதி மறுமுறையுஞ் செல்லும்:

x⁴ − 1 = (x − 1)(x + 1)(x² + 1)

இன்னொரு வகையார், ஊக்கம் மிகுந்து, x² + 1ஐயும் (x + 1)(x + 1) என்று பிளந்துவிடுவர். x இற்கு 2ஐப் பிரதியிட்டால் பிழை உடனே வெளிப்படும். இடப்பக்கம் 16 − 1, அதாவது 15. சரியான காரணிகள் 1, 3, 5, அவற்றின் பெருக்கமும் 15. பிழையான பிளவிலோ 5 நின்ற இடத்தில் 9 வந்து, பெருக்கம் 27 ஆகிவிடும். x² + 1 பிளவுபடாமைக்குக் காரணம் எளிது: மெய்யெண்ணின் வர்க்கம் எதுவும் குறை எண்ணாகாது, ஆகவே x² + 1 ஒருபோதும் பூச்சியமாகாது, ஒருபடிக் காரணி இருப்பின் அது பூச்சியமாகும் இடமும் ஒன்று இருந்தே தீரும். சிக்கலெண்களை அனுமதிப்போர்க்கு மட்டுமே அது (x − i)(x + i) எனப் பிரியும்.

கூட்டற்குறியைக் கண்டதும் எப்போதும் நின்றுவிடலாமோவென்றால், அதுவும் ஆகாது. x⁴ + a⁴ என்பதை மெய்யெண்களிற் பிரிக்க வழியில்லையென்று 1702இல் லைபினிட்சே எழுதினார். அவரளவு கூர்மதி படைத்தவரும் இதில் தவறினாரென்பதைக் கேட்டால் நம் பள்ளிச் சிறுவர்க்குச் சற்று ஆறுதல் பிறக்கும். 1719இல் நிக்கொலாஸ் பேர்ணூலி அதைப் பிரித்துக் காட்டினார். எளிய வடிவமாகிய x⁴ + 1ஐ எடுத்து, 2x²ஐக் கூட்டி உடனே கழித்தால், (x² + 1)² − 2x² வரும். √2 x இன் வர்க்கமே 2x² ஆகையால் இதுவும் வர்க்கங்களின் வித்தியாசமே:

x⁴ + 1 = (x² − √2 x + 1)(x² + √2 x + 1)

முழுவெண்களையும் பின்னங்களையுமே குணகங்களாகக் கொள்வோமென்று நியமித்துக்கொண்டால், √2 அந்த எல்லைக்குள் அடங்காது. அந்த நியமத்தில் x⁴ + 1 பிரிபடாமல் நிற்கும், x⁴ − 1 மாத்திரம் மூன்று காரணிகளாகும்.